துண்டு போட்ட சீட்டும் பாதியில் நிற்கும் புத்தகமும்

மதுராந்தகத்துல செய்யூர் பஸ் வந்து நின்னதும் ஜன்னல் வழியா துண்டு போடுறது நம்மூர்ல எழுதப்படாத சட்டம். துண்டுக்கு உயிரில்லை, டிக்கெட்டும் எடுக்கலை, ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டுட்டு உட்கார யாருக்கும் மனசு வராது. போட்டவர் டீ குடிக்கப் போயிருக்காரா, இல்ல வேற பஸ்ஸுல ஏறிப் போயிட்டாரான்னு தெரியாமலே, பஸ் கிளம்புற வரைக்கும் பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்போம்.

பஸ்ஸுக்காவது கிளம்புற நேரம்னு ஒண்ணு இருக்கு. விக்கிமூலத்துல அதுவும் கிடையாது. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். மொக்கை போடாம விஷயத்துக்கு வர்றேன்.

விக்கிமூலம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: விக்கிப்பீடியாவோட உடன்பிறப்பு. அங்கே கட்டுரை எழுத மாட்டாங்க, ஏற்கெனவே அச்சான, காப்புரிமைச் சிக்கல் இல்லாத புத்தகங்களை எழுத்துல ஏத்துவாங்க. தமிழக அரசு நாட்டுடைமையாக்கின எழுத்தாளர்களோட நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்து வழியா இரண்டாயிரத்துக்கும் மேல தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தது. அத்தனையையும் கையால தட்டச்சு செய்ய முடியாதுன்னு, த. சீனிவாசன் எழுதின ஒரு நிரலை வச்சு கூகுளோட எழுத்துணரி மூலமா படங்களை எழுத்தா மாத்தி ஏத்தினாங்க. அது பெரிய வேலை. ஆனா எழுத்துணரி தர்றது கரடுமுரடான எழுத்து. 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும், புள்ளி காணாமப் போகும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின புத்தகம்னா துதிக்கை வச்ச 'லை'யைப் பார்த்து அது திணறும். அதனால ஒவ்வொரு பக்கத்தையும் மனுஷங்க படத்தோட ஒப்பிட்டுத் திருத்தணும். அதுக்குப் பேர்தான் மெய்ப்பு.

இப்போ சிக்கல் எங்கே வருதுன்னா, ஒரு புத்தகத்தை ஒருத்தர் ஆசையா எடுப்பார். "இதை நான் செய்கிறேன்"னு பேச்சுப் பக்கத்துல கையெழுத்துப் போடுவார். அதுதான் துண்டு. மென்பொருள் எந்தப் பூட்டும் போடாது, யார் வேணும்னாலும் அந்தப் பக்கங்களைத் திருத்தலாம். ஆனா நம்ம ஆட்கள் மரியாதை தெரிஞ்சவங்க. இன்னொருத்தர் எடுத்த புத்தகத்துல கை வைக்க மாட்டாங்க. எடுத்தவர் பாதியில நிறுத்திட்டா, அந்தப் புத்தகம் வருஷக்கணக்கா அப்படியே கிடக்கும். யாருமே எடுக்காத புத்தகத்தை விட, எடுத்துப் பாதியில விட்ட புத்தகம்தான் மோசமான நிலைமையில இருக்குன்னு நான் சொல்வேன். எடுக்காததை நாளைக்கு யாராவது எடுப்பாங்க. எடுத்ததை எடுக்க மாட்டாங்க. நடுவுல யாராவது அதை மின்னூலா இறக்கிப் படிச்சா முதல் பாதி சுத்தமா இருக்கும், அடுத்த பாதி எழுத்துணரி கக்கின சோளப்பொரி.

சரி, இந்த மாதிரிப் புத்தகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல நிறம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம் உண்டு. மெய்ப்புப் பார்க்காதது சிவப்பு, ஒருத்தர் பார்த்தது மஞ்சள், இரண்டாவது ஆளும் சரிபார்த்தது பச்சை, ஏதோ சிக்கல் இருக்குன்னு ஒதுக்கி வச்சது நீலம், வெற்றுப் பக்கம் சாம்பல். எல்லா நூல்களோட நிறக்கணக்கும் ஒரே இடத்துல கிடைக்க `Special:IndexPages`னு ஒரு பக்கம் இருக்கு. அதுல பாதி மஞ்சள் பாதி சிவப்பா நிக்கிற புத்தகம்தான் நமக்கு வேணும். முழுக்கச் சிவப்புன்னா இன்னும் தொடங்கலை. முழுக்க மஞ்சள்னா எடுத்தவர் தன் வேலையை முடிச்சிட்டார்னு அர்த்தம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்: ஒரு பக்கத்தை மஞ்சளாக்கினவரே அதைப் பச்சையாக்க மென்பொருள் விடாது. வேற ஒருத்தர்தான் வரணும். முழு மஞ்சளான புத்தகம் அசையாம நிக்குதுன்னா அது எடுத்தவர் தப்பில்லை, மத்தவங்க வராததுதான். அவரைப் போய் "என்ன சார், நின்னு போச்சே"ன்னு கேட்டா, வீட்டைக் கட்டி முடிச்சவர்கிட்ட கிரகப்பிரவேசத்துக்கு ஏன் யாரும் வரலைன்னு கேட்ட மாதிரி :-)

அடுத்தது, அசைவு இருக்கா இல்லையான்னு பார்க்கிறது. அந்த நூலோட அட்டவணைப் பக்கத்துல இருந்து போற எல்லாப் பக்கங்களிலும் நடந்த மாற்றங்களை மொத்தமாப் பார்க்க ஒரு வழி இருக்கு.

```
Special:RecentChangesLinked/அட்டவணை:நூலின் பெயர்.pdf
```

மேலே இருக்கிற நாள் தேர்வுல 30 நாளை எடுத்துக்கோங்க, அதுக்கு மேல இது காட்டாது. அதுவே போதும். இங்கே ஒண்ணுமே இல்லைன்னா, ஒரு மாசமா அந்தப் புத்தகத்தை யாரும் தொடலை. ஏதாவது இருந்தா, அது யார் செஞ்சதுன்னு பாருங்க. தானியங்கிக் கணக்குகள் பக்கத்தோட தலைப்பை ஒழுங்கு பண்றது, பகுப்பு மாத்துறதுன்னு உள்ளே போயிட்டு வரும். அதை நம்பி "போன வாரம்தானே வேலை நடந்திருக்கு"ன்னு நகர்ந்துட்டா ஏமாந்துடுவோம். கடைசியா ஒரு மனுஷர் எழுத்தைத் திருத்தின தேதி எதுன்னு பக்க வரலாற்றுல போய்த்தான் பார்க்கணும். நான் எடுத்துக்கிற தேதி அது மட்டும்தான்.

நிறைய பேர் இதோட நிறுத்திட்டு உடனே செய்தி அனுப்பிடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: எந்த இடத்துல நின்னுது?

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். 184 பக்கப் புத்தகம். முதல் 6 பக்கம் அட்டை, வெற்றுத்தாள்னு சாம்பல். 7-ல இருந்து 103 வரைக்கும் 97 பக்கம் மஞ்சள். 104, 105 ரெண்டும் நீலம். 106-ல இருந்து 181 வரைக்கும் 76 பக்கம் சிவப்பு. கடைசி 3 மறுபடி சாம்பல். கடைசி மனுஷத் திருத்தம் எட்டு மாசத்துக்கு முன்னாடி, 105-ஆம் பக்கத்துல.

மேலோட்டமாப் பார்த்தா "பாதியில் விட்டுட்டார்". ஆனா நிறங்கள் வேற கதை சொல்லுது. 97 பக்கம் ஒரு பக்கம் கூட விடாம வரிசையாப் பார்த்திருக்கார். அலட்சியமான ஆள் அப்படிச் செய்ய மாட்டார், பிடிச்ச பக்கத்தை அங்கொண்ணும் இங்கொண்ணுமாப் பார்த்திருப்பார். இவர் 104-ல முட்டி நின்னிருக்கார். அந்தப் பக்கத்தைத் திறந்து படத்தைப் பார்த்தா, கட்டம் போட்ட பட்டியல் ஒண்ணு 104-ல தொடங்கி 105-ல முடியுது. விக்கியில பட்டியல் போடுறதே புதுசா வர்றவங்களுக்குக் கண்ணைக் கட்டும். அது ரெண்டு பக்கத்துக்கு நீண்டா இன்னும் மோசம். முதல் பக்கத்துல பட்டியலை மூடுற குறியை அடிக்குறிப்புப் பகுதியில வைக்கணும், அடுத்த பக்கத்துல திறக்கிற குறியைத் தலைப்புப் பகுதியில வைக்கணும். அப்போதான் தனித்தனியாப் பார்க்கும்போதும் சரியா வரும், சேர்த்துப் பார்க்கும்போது ஒரே பட்டியலாவும் வரும். இது தெரியாதவர் நாலு தடவை முயற்சி பண்ணிட்டு, நீலம் போட்டுட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு போயிருப்பார். அந்த அப்புறம் எட்டு மாசம் ஆயிடுச்சு.

இவருக்கு "நினைவூட்டல்" அனுப்பி என்ன பிரயோஜனம்? அவருக்கு மறக்கவே இல்லை. அந்தப் பட்டியல் கனவுல வந்துக்கிட்டிருக்கும்.

நின்ன இடம் தெரிஞ்சதும், ஆள் எங்கேன்னு பார்க்கணும். ஒவ்வொரு விக்கித் தளத்துலயும் அவரோட பங்களிப்புகள் பக்கத்தைத் திறந்தா தெரிஞ்சிடும். விக்கிப்பீடியாவுலயோ பொதுவகத்துலயோ இன்னிக்குக் காலையில கூட ஏதாவது செஞ்சிருந்தார்னா, ஆள் நல்லா இருக்கார், ஆர்வம் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். எங்கேயுமே எட்டு மாசமா அசைவு இல்லைன்னா குரலைத் தணிச்சுப் பேசணும். பரீட்சையா இருக்கலாம், பிரசவமா இருக்கலாம், உடம்பு சரியில்லாம இருக்கலாம். பயனர் பக்கத்தையும் ஒருமுறை படிச்சிடுங்க. விக்கியில வருஷக்கணக்கா உழைச்சு, காலமாகிப் போனவங்களும் இருக்காங்க. அவங்க பேச்சுப் பக்கத்துல "நூல் நிலுவையில் உள்ளது"ன்னு ஒரு செய்தி விழுந்தா அவங்க நண்பர்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

காலமும் பார்க்கணும். எங்க கரையோரத்துல ஐப்பசி, கார்த்திகை வந்தா மழையும் புயலும்தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல். கரண்ட்டே இல்லாத ஊர்ல இருக்கிறவர்கிட்ட "மூணு வாரமா உங்களைக் காணோமே"ன்னு கேட்கிறது நல்லாயிருக்காது. மெய்ப்புப் பார்க்கிறவங்கள்ல வாத்தியார்களும் மாணவர்களும் இருப்பாங்க, அவங்களை மார்ச் ஏப்ரல்ல கேட்காதீங்க. பொங்கல் வாரத்துல யாரையுமே கேட்காதீங்க.

இப்போ செய்தி. எங்கே எழுதுறதுங்கிறது, என்ன எழுதுறதுங்கிற அளவுக்கு முக்கியம். நூலோட பேச்சுப் பக்கத்துல "இதை எடுத்தவர் எங்கே?"ன்னு எழுதினா அது ஊர்ப் பஞ்சாயத்து. வர்றவங்க போறவங்க எல்லாம் படிப்பாங்க. அவரோட பேச்சுப் பக்கத்துல எழுதுங்க. அதுவும் யாரும் படிக்கக்கூடியதுதான், ஆனா அது அவர் வீட்டுத் திண்ணை. அங்கே எழுதினா அவருக்கு அறிவிப்பும் நிச்சயம் போகும். வேற பக்கத்துல அவர் பெயரை இணைப்பாப் போட்டுக் கூப்பிட்டா, அதே திருத்தத்துல `~~~~` போட்டுக் கையெழுத்திட்டாத்தான் அறிவிப்பு போகும். கையெழுத்தை மறந்துட்டு, பிறகு வந்து தனியாச் சேர்த்தாலும் போகாது. கூப்பிட்டவர் "பதிலே சொல்லலையே, என்ன திமிரு"ன்னு நினைச்சுக்கிட்டிருப்பார். அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு மணியே அடிச்சிருக்காது. இப்படித் தொடங்கின மனஸ்தாபங்கள் எத்தனையோ!

நான் எழுதறதா இருந்தா இப்படி எழுதுவேன்:

"வணக்கம். நீங்கள் மெய்ப்புப் பார்த்துவரும் நூலைப் பார்த்தேன். 7 முதல் 103 வரை வரிசையாக முடித்திருக்கிறீர்கள், நன்றி. 104, 105-இல் உள்ள பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீள்வதால் சிரமம் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை மட்டும் நான் போட்டுத் தரட்டுமா? 106-இலிருந்து நீங்களே தொடர விருப்பமா, அல்லது இப்போது வேறு வேலைகள் இருந்தால் வேறு யாராவது தொடரலாமா? எப்படியானாலும் சரிதான். நேரம் கிடைக்கும்போது ஒரு வரி போதும்."

இதுல "எப்போது முடிப்பீர்கள்" இல்லை. நம்ம மொழியில அந்தக் கேள்வியை எவ்வளவு "ங்க" போட்டு மெழுகினாலும் கந்துவட்டிக்காரர் வாசல்ல நிக்கிற மாதிரிதான் கேட்கும். எட்டு மாசம்னும் எழுதலை. அது அவருக்கே தெரியும். ஆனா பக்க எண்கள் இருக்கு. நான் உண்மையிலேயே திறந்து பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்னு அவருக்கு அதுலதான் புரியும். எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்புற "அன்பான நினைவூட்டல்" இதைச் செய்யாது. என் கணக்குல, பணிவுங்கிறது "தயவுசெய்து"வை எத்தனை முறை போட்டோம்ங்கிறதுல இல்லை, கேட்கிறதுக்கு முன்னாடி நாம எவ்வளவு வேலை செஞ்சோம்ங்கிறதுல இருக்கு.

விட்டுக்கொடுக்க ஒரு கதவும் திறந்து வச்சிருக்கு பாருங்க. நிறைய பேர் பதில் சொல்லாம இருக்கிறதுக்குக் காரணம் "என்னால முடியலை"ன்னு சொல்லக் கூச்சம். அதை அவங்க சொல்ல வேண்டிய அவசியம் இல்லாம, "வேறு யாராவது தொடரலாம்"னு ஒரு வரியில முடிச்சுக்க வழி கொடுத்துட்டா பதில் வரும்.

"இதுக்கெல்லாம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும், ஒரு தானியங்கியை விட்டா 90 நாளானதும் துண்டை எடுத்துடுமே"ன்னு கேட்கிற நண்பர்கள் உண்டு. மென்பொருள் உலகத்துல அது நடக்குது. குபர்நெட்டிஸ் திட்டத்துல 90 நாள் அசையாத பணிக்கு 'பழசு'ன்னு சீட்டு ஒட்டும், அடுத்த 30 நாள்ல 'அழுகல்'னு ஒட்டும், இன்னும் 30 நாள்ல மூடிடும். எல்லாம் தானாவே. ஆயிரக்கணக்கான பணிகள் குவியற இடம் அது, அவங்களுக்கு வேற வழியில்லை. டெபியன்ல கொஞ்சம் மனுஷத்தனமான முறை. ஒரு மென்பொருளைப் பொதியாக்கப் போறேன்னு ஒருத்தர் அறிவிச்சிட்டு நகராம இருந்தா, அந்த அறிவிப்போட தலைப்பை 'யாராவது செய்யுங்க'ன்னு மாத்திட்டு உரிமையாளர் பெயரை எடுத்துடுவாங்க. கோரிக்கை அழியாது, துண்டு மட்டும்தான் போகும். எனக்கு இது பிடிக்கும். நம்ம விக்கிமூலத்துல ஒரு சமயத்துல நடமாடுறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஒருத்தரை முகம் சுளிக்க வச்சா அடுத்த புத்தகத்துக்கு ஆள் கிடைக்காது. தேடுறதை மென்பொருள் செய்யட்டும், பேசுறதை மனுஷங்க செய்யட்டும்.

அதுக்காகக் காலம் பூராவும் காத்திருக்கணும்னு சொல்லலை. அதுவும் தப்புதான். எத்தனை நாள்னா, என் கணக்கு ரெண்டு வாரம். பதில் இல்லைன்னா, மின்னஞ்சல் வசதியை அவர் திறந்து வச்சிருந்தா `Special:EmailUser` வழியா அதே செய்தியை ஒருமுறை அனுப்பலாம். விக்கிப் பக்கமே வராதவருக்கு அது போய்ச் சேரும். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு, அவர் பேச்சுப் பக்கத்துல கேள்வி இல்லாத ஒரு செய்தி: "106 முதல் வேறு ஒருவர் தொடர்கிறார். நீங்கள் திரும்பி வந்தால் எந்தப் பக்கத்திலும் கை வைக்கலாம்." அதோட முடிச்சுக்கணும். மூணாவது கேள்வி வேண்டாம், "பதில் இல்லாததால்"ங்கிற வார்த்தையும் வேண்டாம். நூலோட பேச்சுப் பக்கத்துலயும் ஒரு வரி போட்டுடுங்க, இல்லேன்னா அந்தப் பழைய துண்டைப் பார்த்துட்டு அடுத்தவரும் ஒதுங்கிப் போவார். பழைய கையெழுத்தை மட்டும் அழிக்காதீங்க. 97 பக்கம் பார்த்தவர் பெயர் அங்கே இருக்கட்டும், கீழே புது வரி சேர்த்தா போதும்.

இன்னொரு சின்ன விஷயம். போட்டி நடக்கிற சமயத்துல இந்த விதி எதுவும் செல்லாது. 2020-ல இந்திய மொழி விக்கிமூலங்களுக்காக மெய்ப்புப் போட்டி நடந்துதே, அந்த மாதிரி நாட்கள்ல ஒருத்தர் எடுத்த புத்தகம் ரெண்டு நாள் நகரலைன்னாலே அடுத்தவருக்கு நஷ்டம். அப்போ காத்திருப்பு எத்தனை நாள்னு போட்டி தொடங்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுடணும். நடுவுல முடிவு பண்ணினா சண்டைதான். போட்டி முடிஞ்ச மறு வாரம் `Special:IndexPages` பக்கத்தைத் திறந்து பாருங்க, பாதி மஞ்சள்கள் நிறையவே மாட்டும்.

பதில் வந்துட்டா என்ன பண்றது? "நீங்களே எடுத்துக்கோங்க, எனக்கு நேரமில்லை"ன்னு அவர் சொல்லிட்டார்னு வச்சுக்குவோம். நன்றி சொல்லிட்டு அனுப்பிடாதீங்க. மஞ்சளைப் பச்சையாக்க வேற ஆள் வேணும்னு மேலே சொன்னேன் இல்லையா, அது இங்கே உதவும். புதுசா வந்தவர் அந்த 76 சிவப்புப் பக்கத்தையும் ரெண்டு நீலத்தையும் மஞ்சளாக்குவார். பழையவர் பார்த்த 97 பக்கத்தைப் பச்சையாக்க அவரால முடியும், ஏன்னா அதை அவர் மஞ்சளாக்கலை. அதே மாதிரி இவர் மஞ்சளாக்கின 78 பக்கத்தைப் பச்சையாக்கப் பழையவரால முடியும். பச்சையாக்கிறது மஞ்சளாக்கிற அளவுக்கு வேலை இல்லை, ஏற்கெனவே சுத்தமான எழுத்தைப் படத்தோட ஒப்பிட்டுப் படிச்சா போதும். பஸ்ஸுல போகும்போது கைப்பேசியிலயே ரெண்டு பக்கம் பார்க்கலாம். "மீதியை அவர் முடிச்சிட்டார், நீங்க நேரம் கிடைக்கும்போது நாளைக்கு ரெண்டு பக்கம் சரிபார்த்துத் தர முடியுமா?"ன்னு ஒரு மாசம் கழிச்சுக் கேட்டுப் பாருங்க. நேரமில்லைன்னு போனவங்க இதுக்குச் சரின்னு சொல்ல வாய்ப்பு அதிகம். இந்த முறை அவங்களை வழியில மறிக்க 104-ஆம் பக்கமும் இல்லை.

டிஸ்கி: மேலே சொன்ன 184 பக்கப் புத்தகம் உதாரணத்துக்காகச் சொன்னது. "அது என் புத்தகம்தானே?"ன்னு யாரும் பின்னூட்டத்துல சண்டைக்கு வராதீங்க. அப்படி உங்ககிட்ட ஒண்ணு இருந்தா, பட்டியலை நான் போட்டுத் தர்றேன் :-)